செம்மறிக் கறி வாங்கும்போது தொடையில் கேளுங்கள்

புரதத்துக்காகச் செம்மறிக் கறி வாங்குவதானால், தொடைக்கறியைக் கேட்டு, மேலிருக்கும் வெள்ளைக் கொழுப்பைக் கடையிலேயே அரிந்து எடுக்கச் சொல்லுங்கள். எடை போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் கொழுப்புக்கும் கறி விலைதான்.

புரதம் இருப்பது சிவப்புத் தசையில். வெள்ளைக் கொழுப்பில் அது மிகக் குறைவு என்பதால், தட்டில் கொழுப்பு கூடக் கூடப் புரதம் குறைகிறது. எலும்பில்லாத பச்சைக் கறி ஆளுக்கு 125 கிராம் என்று வைத்துக்கொண்டால், கொழுப்பு நீக்கிய தொடையில் சுமார் 25 கிராம் புரதமும் 6 கிராம் கொழுப்பும் இருக்கும். அதே எடைக்குக் கொழுப்பேறிய நெஞ்சுக்கறியில் புரதம் 20 கிராமாகக் குறையும், கொழுப்பு 30 கிராமைத் தாண்டும். புரதத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். கொழுப்பில்தான் ஐந்து மடங்கு. 25 கிராம் கொழுப்பு கூடினால் 225 கலோரி கூடும்.

இளம் வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பே குறைவு, அங்கே இவ்வளவு வித்தியாசம் வராது. வெகுநேரம் வேகும் பிரியாணிக்கும் இது சரிப்படாது, கொழுப்பில்லாத தொடை வறண்டு நார்நாராகிவிடும். அதற்கு முன்னங்கால் சப்பை நல்லது. நெஞ்சுக்கறியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? குழம்பை ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வைத்து, மேலே உறைந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்தெடுங்கள். கறித்துண்டோடு ஒட்டியிருப்பது மட்டும் அப்படியே இருக்கும்.