வயதான வாடிக்கையாளருக்குப் பாக்கியை நினைவூட்டும்போது

“உங்கள் பாக்கி 8,450 ரூபா. உடனே கட்டவும்.” வெள்ளவத்தையில் கடை வைத்திருப்பவர் எழுபது தாண்டிய ஒருவருக்கு இப்படி அனுப்பினால், பணம் வந்தாலும் ஆள் திரும்ப வரமாட்டார். ‘கட்டவும்’ என்பது கட்டளை. ‘நீங்கள் கட்டவில்லை’ என்பது குற்றச்சாட்டு. ஆளை விட்டுவிட்டுப் பணத்தைப் பற்றி எழுதுங்கள்:

“வணக்கம் ஐயா. சுகமாக இருக்கிறீர்களா? ஜூன் 12ஆம் திகதி எடுத்த சாமான்களுக்கான 8,450 ரூபா இன்னும் எங்கள் கணக்கில் பதிவாகவில்லை. ஏற்கெனவே செலுத்தியிருந்தால் மன்னிக்க வேண்டும், பற்றுச்சீட்டைக் காட்டினால் போதும். இல்லையென்றால் 30ஆம் திகதிக்குள் தர முடியுமா? கடைக்கு வருவது சிரமமென்றால் சொல்லுங்கள், வீட்டுக்கே ஆளை அனுப்புகிறோம்.”

பணிவு கூடித் தொகையும் திகதியும் காணாமல் போய்விடக் கூடாது. அவை இல்லாவிட்டால் அது வெறும் நலம் விசாரிப்புத்தான். ‘தாங்கள்’ என்று தொடங்கினால் கடைசிவரை அப்படியே எழுதுங்கள். கடைக்காரர் எழுதும் செய்திக்கு ‘நீங்கள்’ போதும் என்பேன். அப்புறம், பணம் கட்டும் இணைப்பு எதையும் சேர்க்காதீர்கள். மோசடி என்று பயந்துவிடுவார்கள். அவருக்குத் தெரிந்த கடைத் தொலைபேசி இலக்கத்தையும் உங்கள் பெயரையும் கீழே போடுங்கள்.