வீட்டிலிருந்தே ஓராண்டுத் தயாரிப்பு: திட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் தவறுகள்

நுழைவுத் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காததால், எந்தக் கல்லூரியிலும் சேராமல் வீட்டிலிருந்தபடியே மறுமுறை தயாராகும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கால அட்டவணை ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். முதல் பத்து மாதங்களில் பாடத்திட்டத்தை முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை முடிப்பது, எஞ்சிய இரண்டு மாதங்களில் திருப்புதலும் மாதிரித் தேர்வுகளும் என்பதே பெரும்பாலும் அதன் வடிவமாக இருக்கிறது. பார்ப்பதற்கு ஒழுங்காகவே தெரியும். ஆனால் சோம்பலால் கெடும் ஆண்டுகளைவிட இந்த வடிவத்தாலேயே கெடும் ஆண்டுகள் அதிகம் என்பது என் கருத்து.

முதல் தவறு, போன தேர்வில் மதிப்பெண் எங்கே போனது என்று கணக்குப் பார்க்காமல் முதல் பாடத்தைத் திறப்பது. ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். தேர்வில் 180 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. அவர் 150 வினாக்களுக்கு விடையளித்தார். 95 சரி, 55 தவறு. ஆக 720-க்கு 325 மதிப்பெண். வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த 55 தவறுகளையும் பிரித்துப் பார்த்தால், கருத்தே புரியாமல் தவறியவை 20, படித்தது மறந்துபோனவை 16, வினாவைச் சரியாக வாசிக்காததாலோ கணக்கில் சறுக்கியதாலோ போனவை 12, இரண்டு விடைகளுக்கு இடையே ஊகித்து இழந்தவை 7 என்று வருகிறது.

ஒரு தவறு சரியாகும்போது கழிந்த 1 மதிப்பெண் திரும்புவதோடு வராத 4 மதிப்பெண்ணும் சேர்வதால் அதன் மதிப்பு 5. எனவே மறதியால் போனவை 80 மதிப்பெண், கவனக்குறைவால் போனவை 60. இந்த 140 மதிப்பெண்ணைப் பெற அவர் புதிதாக எந்தப் பாடத்தையும் கற்க வேண்டியதில்லை. மறந்தவற்றுக்குத் தேவை இடைவெளி விட்ட திருப்புதல். கவனக்குறைவுக்குத் தேவை நேரக் கட்டுப்பாட்டுடன் கூடிய பயிற்சி. மேற்சொன்ன அட்டவணையோ இவ்விரண்டையும் கடைசி இரண்டு மாதங்களுக்குத் தள்ளிவைத்திருக்கிறது. விடையளிக்காமல் விட்ட 30 வினாக்களையும் இதேபோல, தெரியாமல் விட்டவை, நேரம் போதாமல் விட்டவை என்று பிரிக்க வேண்டும். முன்னதற்கு மருந்து படிப்பு, பின்னதற்கு வேகம். தாம் அளித்த விடைகளின் பதிவு கையில் இல்லாதவர்கள் நினைவை நம்பித் தவறுகளை எழுதிப் பார்ப்பது பயன் தராது. முந்தைய ஆண்டு ஒன்றின் முழு வினாத்தாளை முதல் வாரத்திலேயே கடிகாரம் வைத்து எழுதி, அதைப் பிரித்துப் பார்ப்பதே மேல். வரும் மதிப்பெண் மனதைக் குலைக்கலாம். அதைப் பத்தாவது மாதத்தில் பார்ப்பதைவிட முதல் வாரத்தில் பார்ப்பது நல்லது.

அடுத்த தவறு மறுமுறை எழுதுபவர்களுக்கே உரியது. ஏற்கெனவே படித்த பாடம் கண்ணுக்குப் பழகியிருப்பதால், வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததாகவே தோன்றும். ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை நான்கு சுற்றும் வாசித்த மாணவர்களையும், ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு மூன்று சுற்றுகளில் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிய மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது. வாசித்தவர்களுக்கு நினைவில் நின்றது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அன்று மாலை வரும் நிறைவை வைத்துப் படிக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பவர் எப்போதும் தவறான முறையையே தேர்ந்தெடுப்பார் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஆகவே எந்தப் பாடத்தையும் வாசிப்பில் தொடங்காமல், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அப்பாடத்திலிருந்து பதினைந்து இருபது வினாக்களைப் போட்டுப் பார்த்துத் தொடங்குவது நல்லது. முதல் இரண்டு வாரங்களை இதற்கே ஒதுக்கினால் பாடங்கள் தாமாகவே மூன்று வகையாகப் பிரிந்துவிடும். நம் மாணவிக்கு மொத்தம் 60 பாடங்கள் என்று கொள்வோம். 18 வலுவானவை, 24 நடுத்தரமானவை, 18 பலவீனமானவை. ஒவ்வொன்றுக்கும் சமமாக ஐந்து நாள் என்று பங்கிடும் அட்டவணை, தெரிந்த பாடத்தில் நேரத்தை வீணாக்கித் தெரியாத பாடத்தை அரைகுறையாக விட்டுவிடும். வலுவான பாடத்துக்கு 4 மணி நேரம், நடுத்தரத்துக்கு 10, பலவீனமானதற்கு 18 என்று ஒதுக்கினால் கற்றலுக்கு மொத்தம் 636 மணி நேரம் ஆகும்.

திருப்புதலைக் கடைசிக்கு ஒத்திவைப்பதே, என் பார்வையில், எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு. முதல் வாரத்தில் படித்த பாடத்தைப் பதினோராம் மாதத்தில் மறுபடி திறக்கும்போது அது திருப்புதலாக இருக்காது. மறுபடியும் கற்பதாகவே இருக்கும். செப்பேடாவும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 1,350-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு, ஒருமுறை கற்றதை எவ்வளவு நாள் கழித்துத் திருப்பினால் நன்றாக நினைவில் நிற்கிறது என்று பார்த்தார்கள். அதன் பிறகு ஒரு வாரத்தில் சோதனை என்றால் ஒரு நாள் இடைவெளியும், ஏறக்குறைய ஓராண்டில் சோதனை என்றால் மூன்று வார இடைவெளியும் சிறந்த பலன் தந்தன. அதில் சோதிக்கப்பட்டவை தனித்தனித் துணுக்குச் செய்திகள் என்பதால் இந்த எண்ணை இயற்பியல் கணக்குக்கும் அப்படியே பொருத்த முடியாது. முதல் திருப்புதலுக்கு உரிய இடைவெளி வாரக் கணக்கிலானது, மாதக் கணக்கிலானது அன்று என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில், ஒரு பாடம் முடிந்த ஒரு வாரத்தில் ஒன்றரை மணி நேரம், ஒரு மாதத்தில் ஒரு மணி நேரம், மூன்று மாதத்தில் ஒரு மணி நேரம் என மூன்று திருப்புதல்களை அப்பாடத்தை முடிக்கும் அன்றே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். 60 பாடங்களுக்கும் சேர்த்து இது 210 மணி நேரம். கற்றலோடு கூட்டினால் 846. நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 36 மணி நேரம். அதாவது இருபத்து மூன்றரை வார வேலை.

அந்த இருபத்து மூன்றரை வாரத்தை அப்படியே அட்டவணையில் எழுதிவிடுவது இன்னொரு தவறு. பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள்; எல்லாமே மோசமாகப் போனால் 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். வீட்டிலிருந்து படிப்பவரின் கணிப்பு இன்னும் எளிதாகத் தவறும். வீட்டில் இருப்பவர் எப்போதும் ஓய்வாகவே இருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வதால் வேலைகளும் விருந்தினர்களும் அவருடைய நேரத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கின்றன. காய்ச்சலில் ஒரு வாரம் போவதும் இயல்பு. இடமில்லாத அட்டவணையில் ஒரு வாரம் தவறினால் பின்னால் உள்ள அத்தனை தேதிகளும் பொய்யாகிவிடும். அதன் பிறகு மாணவர் செய்வது பெரும்பாலும் புதிய அட்டவணை போடுவது ஒன்றைத்தான்.

எனவே ஒவ்வொரு நான்கு வாரத்துக்கும் பிறகு ஒரு வாரத்தைக் காலியாக விட வேண்டும். இருபத்து மூன்றரை வாரம் அப்போது சுமார் இருபத்தொன்பதரை வாரமாகும். தொடக்கச் சோதனைக்கான இரண்டு வாரத்தையும் கழித்தால் ஆண்டில் மீதி இருபது வாரம் இருக்கும். கற்றலுக்கு நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு நேரம் ஆனாலும் மொத்தம் நாற்பது வாரத்தைச் சற்றே தாண்டும். அப்போதும் ஒன்பது வாரத்துக்கு மேல் கையில் நிற்கும். திட்டம் தாங்குமா என்பதை இப்படி மோசமான கணக்கில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆறு மணி நேரம் குறைவாகத் தோன்றினால், பதினான்கு மணி நேரம் என்று எழுதி மூன்றாவது வாரத்தில் கைவிடப்பட்ட அட்டவணைகளை நினைத்துக்கொள்ளலாம்.

மாதிரித் தேர்வுகளில் நிகழும் தவறுகள் இருவகை. பாடத்திட்டம் முடியட்டும் என்று காத்திருப்பது ஒன்று. முடித்த பாடங்களை மட்டும் கொண்ட பகுதித் தேர்வை இரண்டாம் மாதத்திலிருந்தே இரு வாரத்துக்கு ஒருமுறை எழுதலாம். முழுத் தேர்வை ஐந்தாம் மாதத்திலிருந்து மாதம் ஒன்றாகவும், கடைசி இரண்டு மூன்று மாதங்களில் வாரம் ஒன்றாகவும் எழுதலாம். மற்றொன்று, எழுதி முடித்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அதே அளவு நேரமாவது ஆய்வு தேவை. மேலே சொன்ன நான்கு வகைப் பிரிப்பை ஒவ்வொரு தாளுக்கும் செய்து ஒரே குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவந்தால், மறதியால் வரும் தவறுகள் குறைகின்றனவா, கவனக்குறைவு அப்படியே நிற்கிறதா என்பது மொத்த மதிப்பெண்ணைவிடத் தெளிவாகத் தெரியும். இத்தகைய தாளில் 20 மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும் எந்த வினாக்கள் அமைந்தன என்பதாலேயே நேரக்கூடும் என்பதால், ஒரு தேர்வை வைத்துத் திட்டத்தை மாற்றாமல், ஒரே இடத்தில் தயாரான மூன்று தாள்களின் சராசரியைப் பார்ப்பது சரியானது. வெவ்வேறு நிறுவனங்களின் தாள்கள் கடினத்தில் வேறுபடுவதால் அவற்றின் மதிப்பெண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வு தானாகவே தளர்ந்துவிடும். நடுவில் தண்ணீர் குடிக்க எழுவது, பத்து நிமிடம் கூட்டிக்கொள்வது, இரவில் எழுதுவது என்று அது தேர்வின் தன்மையையே இழக்கும். உண்மைத் தேர்வு காலையில் என்றால் மாதிரித் தேர்வும் அதே மணிக்குத் தொடங்க வேண்டும். இரவு இரண்டு மணிவரை விழித்துப் பழகியவர்கள் கடைசி வாரத்தில் தூக்கத்தை மாற்ற முயல்வது வீண். ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்கிச் சிறிது சிறிதாக நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒரு தேர்வு வரிசையில் சேர்வது, வீட்டில் இல்லாத கெடுவை வெளியிலிருந்து கொண்டுவர உதவும்.

எத்தனை முறை எழுதலாம், வயது வரம்பு உண்டா, பள்ளித் தேர்ச்சிக்குப் பின் இத்தனை ஆண்டுக்குள் என்ற விதி உண்டா, பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்பவற்றை அதிகாரபூர்வ அறிவிப்பிலேயே பார்த்துவிட வேண்டும். பழைய புத்தகத்தை நம்பி நீக்கப்பட்ட பாடத்தைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கும்போது பலவீனமான பாடங்களில் சில முடியாமல் நிற்கக்கூடும். அவற்றை எப்படியாவது முடித்துவிடுவது என்று திருப்புதலை நிறுத்துவதுதான் கடைசிக் கட்டத்தின் பொதுவான தவறு. முடியாத பாடம் ஒன்றுக்கு 18 மணி நேரம் தேவை. அதே 18 மணி நேரத்தில், ஏற்கெனவே ஓரளவு தெரிந்த பாடங்களுக்குப் பதினெட்டுத் திருப்புதல்கள் செய்யலாம். முந்தைய ஆண்டுத் தாள்களில் அந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினாக்கள் வந்துள்ளன என்று எண்ணிப் பார்த்து, ஒன்றிரண்டுதான் என்றால், அதை விட்டுவிடுவதாக எழுதிவைத்து விட்டுவிட வேண்டும். தேர்வறையில் அந்த வினாக்களில் நேரத்தைச் செலவழிக்காமல் கடந்துபோகவும் அந்த முடிவு உதவும்.