உளுந்துச் செடியைத் தோண்டி நைட்ரஜன் சுழற்சியைப் படிப்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நைட்ரஜன் சுழற்சியை வரையச் சொன்னால் அழகாக வரைந்துவிடுகிறார்கள். வட்டம், அம்பு, மேகம், மின்னல், ஒரு மாடு, எல்லாம் இருக்கும். "சரி, உளுந்து அறுத்த பிறகு அந்த மண்ணில் தழைச்சத்து கூடியிருக்குமா, குறைந்திருக்குமா?" என்று கேட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதனால் போன பட்டத்தில் டியூஷன் பிள்ளைகள் நாலு பேரை வாழப்பாடிப் பக்கம் இருக்கும் பெரியப்பா காட்டுக்கே கூட்டிப்போய்விட்டேன். ஒரு ஏக்கர் செம்மண், உளுந்து, விதைத்து முப்பத்தைந்து நாள், அங்கங்கே மஞ்சள் பூ எடுக்க ஆரம்பித்திருந்தது. அன்று செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் ஊரில் உளுந்து இல்லையென்றால் பச்சைப்பயறு, தட்டைப்பயறு எதுவானாலும் சரி.

படி 1: பிடுங்காதீர்கள், தோண்டுங்கள்

செடியைக் கையால் இழுத்தால் நமக்கு வேண்டியது மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். மண் ஈரமாக இருக்கும்போது தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு பெயர்த்து, ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். மண் கரைந்ததும் வேரில் கடுகு முதல் மிளகு அளவு வரை உருண்டை உருண்டையாகத் தெரிவதுதான் வேர்முடிச்சு.

இங்கே ஒரு குழப்பம் வரும். நூற்புழு தாக்கினாலும் வேர் முடிச்சு விழும், ஊரில் அதற்கும் அதே பெயர்தான். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம்: நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும், நகத்தால் தள்ளினால் தனியாக உதிரும். நூற்புழு முடிச்சு என்பது வேரே வீங்கியது, உதிராது, இழுத்தால் வேரோடுதான் வரும்.

படி 2: முடிச்சைக் கீறி நிறம் பாருங்கள்

பிளேடால் ஒரு முடிச்சைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா சோம்பேறி வகை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் செடியால் அதைத் தொட முடியாது. ரைசோபியம் பாக்டீரியாவிடம் இருக்கும் நைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கு அதைப் பிரிக்கத் தெரியும்:

```
N2 + 8H+ + 8e- + 16ATP → 2NH3 + H2 + 16ADP + 16Pi
```

ஒரு மூலக்கூறு நைட்ரஜனுக்குப் 16 ATP! அவ்வளவு ஆற்றல் வேண்டுமென்றால் பாக்டீரியா நன்றாகச் சுவாசிக்க வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் ஆக்சிஜன் பட்டால் நைட்ரோஜினேஸ் கெட்டுப்போகும். அடுப்பும் எரியவேண்டும், பக்கத்தில் இருக்கும் பஞ்சிலும் தீப்பிடிக்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு சிக்கல். இதைச் சமாளிப்பது லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்தில் இருப்பதற்கு உறவுக்காரப் புரதம், இதிலும் இரும்பு உண்டு, அதனால்தான் அந்த நிறம். ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொண்டு பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து கொடுக்கும், தனி ஆக்சிஜன் சுற்றித்திரிய விடாது. எங்களோடு வந்த ஒரு பெண் முடிச்சை வெட்டிவிட்டு, "சார், செடிக்கு ரத்தம் வருது" என்றாள். நான் திருத்தவில்லை, பெரிய தப்பில்லை.

படி 3: யூரியா விழுந்த இடத்துச் செடியையும் தோண்டுங்கள்

இதைத் தவறவிடாதீர்கள். பெரியப்பா காட்டின் ஓரத்தில் ஒரு சால், பக்கத்து மக்காச்சோளத்துக்கு வீசிய யூரியா சிதறி விழுந்த இடம். அங்கே செடி கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. பார்த்தவுடன் பிள்ளைகள் இதுதான் நல்ல செடி என்றார்கள். தோண்டிப் பார்த்தால் முடிச்சு அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெட்டினால் வெள்ளை.

பாக்டீரியா இனாமாக உழைப்பதில்லை, அந்த 16 ATP-க்கான சர்க்கரையைச் செடிதான் இலையிலிருந்து இறக்கவேண்டும். மண்ணிலேயே நைட்ரேட் தாராளமாகக் கிடைக்கும்போது எதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கவேண்டும்? செடி முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். மானாவாரி உளுந்துக்கு எக்டேருக்கு வெறும் 12.5 கிலோ தழைச்சத்தும், அதைப்போல இரண்டு பங்கு, 25 கிலோ மணிச்சத்தும் பரிந்துரைப்பது இதனால்தான். முளைத்து முடிச்சு பிடிக்கிற வரைக்குமான கைச்செலவு அந்தத் தழைச்சத்து, அவ்வளவே.

முடிச்சே இல்லாத செடி கிடைத்தால் வேறு காரணம் தேடுங்கள். பயறு வகையே போடாத நிலமாக இருந்து, அதற்கேற்ற ரைசோபியம் மண்ணில் இல்லாமலிருக்கலாம். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைப்பது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். பூஞ்சைக்கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒரே நேரத்தில் புரட்டினால் காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை நாமே கொன்ற கதையாகிவிடும், இரண்டுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

படி 4: வரவு செலவு போடுங்கள்

"உளுந்து போட்டா மண்ணு தேறிடும்டா" என்பார் பெரியப்பா. புத்தகமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. உண்மையா என்று நோட்டில் கணக்குப் போட்டோம்.

ஏக்கருக்கு 300 கிலோ உளுந்து கிடைக்கிறது என்று வையுங்கள். உளுந்தில் ஏறக்குறைய 24 சதவீதம் புரதம், ஆக 72 கிலோ புரதம். புரத எடையை 6.25-ஆல் வகுத்தால் அதிலுள்ள நைட்ரஜன் வரும்: 11.5 கிலோ. அதாவது 25 கிலோ யூரியாவில் இருக்கும் அளவு நைட்ரஜன் மூட்டையில் ஏறி மண்டிக்குப் போகிறது!

மீதியைக் கணக்குக்காக நாமே வைத்துக்கொள்வோம். பயிர் முழுவதிலும் 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது, அதில் 60 சதவீதம், அதாவது 12 கிலோ காற்றிலிருந்து வந்தது, 8 கிலோ மண்ணிலிருந்து எடுத்தது. மணியில் 11.5 போனால் கொடி, இலை, வேரில் 8.5 கிலோ மிச்சம். அதை அப்படியே மடக்கி உழுதால் மண்ணிலிருந்து எடுத்தது 8, திரும்பியது 8.5. இலாபம் அரைக் கிலோ. அதற்கே இவ்வளவு பேச்சா என்று தோன்றும். இப்போது கொடியை மாட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம், அதில் 5 கிலோ இருந்தது என்று வைத்தால் திரும்பியது 3.5 மட்டும். மண்ணுக்கு 4.5 கிலோ நட்டம்! சாணம் அதே காட்டுக்கு வந்தால் ஒரு பகுதி திரும்பும், வராவிட்டால் இல்லை.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ சோளம் போட்டதுக்கு இது தேவலையா இல்லையா?" என்று கேட்டார். தேவலைதான். சோளம் எடுக்கிற தழைச்சத்து மொத்தமும் மண் கணக்கிலோ உர மூட்டைக் கணக்கிலோதான் எழுதப்படும், உளுந்து பாதிக்கு மேல் காற்றிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அவர் சொல்லும் 'தேறுதல்' பெரும்பாலும் அந்த மிச்சப்படுத்தல். பூக்கும்போதே மடக்கி உழுதால் கதை வேறு, மணி வெளியே போகாததால் எல்லாம் மண்ணுக்கே.

பக்கத்துச் செடிக்கு முடிச்சிலிருந்து நைட்ரஜன் வழிந்து போகும் என்று சிலர் எழுதுகிறார்கள். உயிருள்ள முடிச்சிலிருந்து வெளியே கசிவது கொஞ்சம்தான். வேரும் முடிச்சும் இலையும் செத்து மக்கினால்தான் மற்ற பயிருக்குப் பங்கு கிடைக்கும்.

படி 5: மக்கிய இலையைத் தொடருங்கள்

உதிர்ந்த உளுந்து இலையில் நைட்ரஜன் புரதமாக இருக்கிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் அதை உடைத்து அம்மோனியமாக்குகின்றன, இது அம்மோனியாவாதல். பிறகு நைட்ரசோமோனாஸ் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன, இது நைட்ரேட்டாதல். இரண்டாவதற்குக் காற்று கட்டாயம் வேண்டும், உழுது பொலபொலவென்று இருக்கும் ஈர மண்ணில் வேகமாக நடக்கும்.

தேர்வில் யாரும் கேட்காத, ஆனால் காட்டில் காசு போகிற இடம் இது. அம்மோனியம் நேர்மின் அயனி, களிமண் துகள் எதிர்மின், ஒட்டிக்கொண்டு நிற்கும். நைட்ரேட்டும் எதிர்மின், அதை மண் பிடித்துவைக்காது. ஐப்பசி மழை கொட்டினால் வேருக்குக் கீழே இறங்கி, கடைசியில் கிணற்றுக்கே போய்விடும். அதனால் உளுந்து அறுத்ததும் காட்டை வெறுமனே போடாமல், மக்கி வரும் நைட்ரேட்டைப் பிடிக்க அடுத்த பயிரின் வேர் அங்கே இருக்கவேண்டும்.

படி 6: பள்ளமான மூலைக்குப் போங்கள்

எல்லாக் காட்டிலும் தண்ணீர் தேங்கும் ஒரு மூலை இருக்கும். பெரியப்பா காட்டில் அது கிழக்கு வரப்போரம். உளுந்து எடுத்துவிட்டு மக்காச்சோளம் போட்டிருந்தபோது மறுபடி போனோம். மழை பெய்து மூன்று நாள் தண்ணீர் நின்றதில் அந்த மூலைச் சோளம் மட்டும் அடியிலையிலிருந்து மஞ்சளாகி, நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக வெளுத்திருந்தது. மேட்டில் அதே விதை, அதே நாள், பச்சையாக இருந்தது. தண்ணீரில் மூச்சு முட்டிய வேரால் இருப்பதையும் சரியாக உறிஞ்ச முடியாது, அது ஒரு காரணம். இன்னொன்று, காற்று புகாத மண்ணில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டையே சுவாசத்துக்குப் பயன்படுத்தி, அதை நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் மாற்றிவிடும்.

"அப்போ நாம வெட்டிப் பாத்த முடிச்சு காத்துல இருந்து புடிச்சது, இந்த மூலையில திரும்பக் காத்துக்கே போயிடுச்சா சார்?" என்று கேட்டான் ஒருவன். அதில் ஒரு பங்கு அப்படித்தான் போயிருக்கும் என்றேன். நோட்டைத் திறந்து, மண்ணிலிருந்து வானத்துக்குப் போகும் அம்புக்குறியின் பக்கத்தில் 'கிழக்கு வரப்பு' என்று எழுதிக்கொண்டான்.