ஈ. கோலை உணவைத் தேடி நீந்துவது எப்படி: கசையிழையிலிருந்து தொடங்குவோம்

ஈ. கோலை நினைத்த பக்கம் திரும்ப முடியாத பாக்டீரியா. இருந்தும், உடலிலிருந்து நீளும் கசையிழை என்ற மெல்லிய இழைகளால் நீந்தி, அது உணவிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது.

படி 1: இழைகள் எங்கே இருக்கின்றன?
காலரா பாக்டீரியாவுக்கு ஒரு முனையில் ஒரே கசையிழை. ஈ. கோலைக்கோ உடலெங்கும் பரவலாக நான்கைந்து. உடல் நீளம் 2 மைக்ரோமீட்டர்தான்; இழை அதைவிடப் பல மடங்கு நீளம், சுருள்வில் வடிவம். இது சாட்டைபோல வீசுவதில்லை. அடியில் உள்ள மோட்டார் இழையைச் சுழற்றுகிறது. மோட்டாரை இயக்குவது செல்லின் வழக்கமான எரிபொருளான ஏடிபி அல்ல, சவ்வின் வழியே உள்ளே பாயும் புரோட்டான்கள்.

படி 2: ஓட்டமும் உருளலும்
வெளியிலிருந்து செல்லைப் பார்ப்பதாகக் கொள்ளுங்கள். மோட்டார்கள் எல்லாம் இடஞ்சுழியாகச் சுழன்றால் இழைகள் ஒரே கற்றையாகப் பின்னி, உடலை நேராகத் தள்ளும். இது ஓட்டம்: சுமார் 1 வினாடி, ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர். ஒன்றிரண்டு மோட்டார்கள் வலஞ்சுழிக்கு மாறினாலே கற்றை பிரிந்துவிடும், செல் 0.1 வினாடி தடுமாறி உருண்டு, ஏதோ ஒரு புதுத் திசையில் மறுபடி ஓடும்.

படி 3: திசையை மாற்றாது, ஓட்டத்தை நீட்டும்
செல்லுக்குச் சில வினாடி நினைவு உண்டு. உணவை உணரும் ஏற்பிகள் அதன் இப்போதைய செறிவைச் சற்று முந்தைய செறிவோடு ஒப்பிடுகின்றன. அஸ்பார்டேட் என்ற அமினோ அமில உணவு கூடிக்கொண்டே வந்தால் கீ-ஏ நொதி அடங்கும். கீ-ஒய் புரதத்தில் பாஸ்பேட் ஏற்றுவது அந்த நொதிதான் என்பதால், பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் குறையும். அந்தப் புரதம்தான் மோட்டாரை வலஞ்சுழிக்குத் திருப்புவது என்பதால் உருளல் தள்ளிப்போகும். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: உணவு சமிக்ஞையைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். உணவை நோக்கிய ஓட்டம் 1.5 வினாடி நீண்டால் 30 மைக்ரோமீட்டர். எதிர்த்திசை ஓட்டம் வழக்கம்போல 1 வினாடி, 20 மைக்ரோமீட்டர். இப்படி ஒருமுறை போய் வந்தால் 10 மைக்ரோமீட்டர் லாபம். நிக்கல் போன்ற தீங்கான பொருளுக்கு இதுவே தலைகீழ்: செறிவு கூடினால் சீக்கிரம் உருளும், குறைந்தால் ஓட்டம் நீளும்.

பழைய நினைவு அழியாமல் இருந்தால் இந்த ஒப்பீடு கெட்டுவிடும். அதனால் ஏற்பிகளில் மெத்தில் தொகுதிகள் சேர்ந்தும் கழன்றும் புதிய செறிவையே இயல்பு நிலையாக்குகின்றன. உணவு எங்கும் சீராக இருந்தால் செல் பழைய இடைவெளியிலேயே உருளத் தொடங்குவது இதனால்தான்.

படி 4: கண்ணால் பார்க்க
தீங்கற்ற ஆய்வக வகையை டிரிப்டோன் திரவத்தில் 30 டிகிரியில் வளர்த்து, முழுதாக முற்றும் முன்பே ஒரு துளியை 40 மடங்கு பொருளருகு வில்லையில் பாருங்கள். எல்லாச் செல்லும் நின்ற இடத்திலேயே நடுங்கினால் அது நீச்சல் அல்ல, பிரௌனியன் இயக்கம். உண்மையான நீச்சலில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் வெவ்வேறு திசையில் பாயும். எல்லாம் ஒரே பக்கம் போனால் திரவம்தான் ஓடுகிறது. அசைவே இல்லையென்றால் மூன்றைச் சந்தேகியுங்கள்: வளர்ப்பில் குளுக்கோஸ் சேர்த்தது (கசையிழை உருவாவதையே அது தடுக்கும்), குழாயை வேகமாகக் குலுக்கி இழைகளை ஒடித்தது, மூடுவில்லைக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்தது. கடைசிக் காரணமானால் காற்றுக்குமிழின் ஓரத்தில் மட்டும் செல்கள் நீந்திக்கொண்டிருக்கும்.