டிசைனர் பயோ: 3 வரி போதும்

"வண்ணங்களின் காதலன்" என்று இன்ஸ்டாகிராமில் பயோ எழுதினால் வேலை தருபவருக்கு ஒன்றும் புரியாது. யாருக்கு, என்ன செய்கிறீர்கள் என்பதே முதல் வரியாக இருக்கட்டும். மசாலா கம்பெனிகளைத் தேடுபவர் இப்படி எழுதலாம்:

மசாலா, ஊறுகாய் பாக்கெட் டிசைன்
அலமாரியில் தனியாகத் தெரியும்
ஜூலையில் 2 வேலைக்கு இடம் உண்டு. DM செய்யுங்கள்

மூன்றாவது வரிதான் ஆளைப் பேச வைக்கும். ஆனால் ஆகஸ்டிலும் ஜூலை என்றே நின்றால் கடை பூட்டிக் கிடப்பதுபோல் தெரியும், மாதாமாதம் மாற்றுங்கள்.

பயோவுக்கு 150 எழுத்துதான் வரம்பு. தமிழில் 'கி' இரண்டாகக் கணக்காகும், அதனால் சீக்கிரம் நிரம்பிவிடும். 'பேக்கேஜிங் டிசைனர்' என்பதைப் பயோவில் போடாமல் பெயர்ப் பகுதியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். தேடலில் அந்தப் பகுதியும் பார்க்கப்படும், பயோவில் இடமும் மிஞ்சும்.