மிளகு ரசம்: புளியைக் கொதிக்க விடுங்கள், மிளகைக் கொதிக்க விடாதீர்கள்

ரசம் சரியாக வரவில்லை என்று சொல்பவர்களிடம் எப்படி வைத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. புளித் தண்ணீர், தக்காளி, பருப்புத் தண்ணீர், மிளகு சீரகப் பொடி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன், நன்றாகக் கொதித்ததும் இறக்கினேன் என்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பாத்திரத்துக்குள் ஒன்றுக்கொன்று நேர்மாறான தேவை உள்ள பொருள்கள் இருக்கின்றன. புளி நெடுநேரம் கொதித்தால்தான் அதன் பச்சை வாசனை போகும். மிளகு நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும், காரம் மட்டும் தங்கும். பருப்புத் தண்ணீர் தளதளவென்று கொதித்தால் தெளிவு கெட்டுக் கனத்துவிடும். மூன்றையும் ஒரே கொதியில் திருப்திப்படுத்த முடியாது. ஆகவே ரசத்துக்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் புளிக்கும் தக்காளிக்கும் உரியது, அங்கே தாராளமாகக் கொதிக்கலாம். இரண்டாவது கட்டம் மிளகுக்கும் பருப்புத் தண்ணீருக்கும் உரியது, அங்கே கொதியே கூடாது.

நான்கு பேருக்கு ஒரு வேளைக்கு எங்கள் வீட்டில் வைக்கும் அளவைச் சொல்கிறேன். காய்ச்சல்காரர்களுக்குப் பருப்பில்லாமல் வைக்கும் மிளகு ரசம் வேறு. இது சோற்றில் பிசைந்து சாப்பிடும் அன்றாட ரசம்.

நெல்லிக்காய் அளவு புளியை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, சக்கையில் இன்னும் அரை டம்ளர் விட்டு மறுபடி பிழிந்து, எல்லாம் சேர்த்து ஒன்றரை டம்ளராக எடுத்துக்கொள்கிறேன். நடுத்தர அளவில் நன்கு பழுத்த தக்காளி இரண்டு. துவரம் பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் சேர்த்துக் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, தண்ணீர் விட்டுக் கலக்கி ஒன்றரை டம்ளர். மிளகு ஒரு தேக்கரண்டி தாராளமாக, சீரகம் அதற்குச் சற்றுக் குறைவாக, பூண்டு நான்கு பல்.

இதில் முதலில் சறுக்குவது புளியின் அளவு. 'நெல்லிக்காய் அளவு' என்பது எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. அரைநெல்லியா, பெருநெல்லியா என்பதிலேயே பாதி வித்தியாசம் வந்துவிடும். நான் சொல்வது சிறிய பெருநெல்லி. அதைவிட முக்கியமானது புளியின் வயது. செம்பழுப்பாக இருக்கும் புதுப் புளியில் வைத்த ரசத்துக்கு நிறமும் சுவையும் இளசாக இருக்கும். ஓராண்டு கடந்து கறுத்துப்போன புளியை அதே அளவு போட்டால் ரசம் கறுத்து, நாக்கை இழுக்கும். பழைய புளியைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, ரசத்துக்குப் புதியதை எடுப்பது நல்லது. பழையதுதான் இருக்கிறது என்றால் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். அளவை விட நாக்கை நம்பலாம்: கரைத்த புளித் தண்ணீரை ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்க்கும்போது முகம் சுளிக்க வேண்டும், ஆனால் பல் கூசக் கூடாது. பின்னால் பருப்புத் தண்ணீர் சேர்ந்து அதைப் பாதியாக்கிவிடும்.

தக்காளியையும் புளியையும் தனித்தனியாக அளந்தால் அடுத்த சறுக்கல். இரண்டும் புளிப்புத்தான். ஆனால் தக்காளியின் புளிப்போடு கொஞ்சம் இனிப்பும் வருகிறது, அதுதான் புளியின் கூர்மையை மழுக்குகிறது. நாட்டுத் தக்காளி சாறு நிறைந்தது, புளிப்பும் அதிகம். அதைப் போட்டால் புளியைக் குறைக்க வேண்டும். பெங்களூர்த் தக்காளி சதைப்பற்றானது, புளிப்புக் குறைவு. அதற்கு நான் மேலே சொன்ன புளி அளவு பொருந்தும். காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும் தக்காளியைப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் ஒரு காய் வாடை விலகாது.

தக்காளியை மிக்ஸியில் அரைத்து ஊற்றாதீர்கள். அரைத்த விழுதில் காற்று ஏறிவிடுவதால் பாத்திரத்தில் வெளிறிய நுரை கட்டும், ரசம் கூழ்போலக் கனக்கும். எல்லாவற்றையும்விட, கடைசியில் நுரையைப் பார்த்துத்தான் இறக்கப் போகிறோம் என்பதால் இந்தப் பொய் நுரை நம்மை ஏமாற்றிவிடும். ஒரு தக்காளியைப் புளித் தண்ணீரிலேயே கையால் பிசைந்துவிட்டு, இன்னொன்றை நறுக்கிப் போட்டால் போதும்.

இப்போது அடுப்பு. புளித் தண்ணீர், தக்காளி, கல் உப்பு, ஒரு துண்டு கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை, கிள்ளிய கொத்தமல்லித் தண்டு. இலையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு தண்டை இங்கே போடுவது பலருக்குத் தோன்றுவதில்லை, ஆனால் தண்டின் வாசனை கொதியைத் தாங்கும். மிதமான தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் கொதிக்கட்டும். நிமிடக் கணக்கை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஆவியில் முகத்தைக் காட்டினால் தொடக்கத்தில் தொண்டையைப் பிடிக்கும் ஒரு பச்சை நெடி இருக்கும். அது அடங்கி, தக்காளி வெந்த வாசனை மேலே வர வேண்டும். நறுக்கிப் போட்ட தக்காளியின் தோல் சுருண்டு பிரிந்திருக்கும். ஒன்றரை டம்ளராக இருந்தது ஒன்றேகாலாகச் சுண்டியிருக்கும். இங்கே அவசரப்பட்டவர்களின் ரசம்தான் சாப்பிட்ட பிறகு நெஞ்சைக் கரிக்கிறது என்ற புகாரைப் பெறுகிறது. இங்கே விட்ட குறையைப் பின்னால் தீர்க்க முடியாது, ஏனென்றால் மிளகு சேர்ந்த பிறகு கொதிக்க விட வழியில்லை.

புளி கொதிக்கும் நேரத்தில்தான் மிளகையும் சீரகத்தையும் இடிக்க வேண்டும். முன்கூட்டியே இடித்து வைத்தால் வாசனையைச் சமையலறைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறோம். இடிகல்லில் ஒன்றிரண்டாக இருந்தால் போதும், பூண்டைக் கடைசியில் போட்டுத் தோலோடு நசுக்கினால் சரி. மாவாக அரைத்த மிளகு ரசத்தைக் கலங்கலாக்கும், அடியில் சேறுபோலப் படியும், காரம் தொண்டையில் உறைக்கும். புளியின் நெடி அடங்கியதும் இடித்ததைப் பாத்திரத்தில் போட்டு, பூண்டின் பச்சை வாசனை தணிய ஒரு நிமிடம் மட்டும் விடுங்கள். உடனே பருப்புத் தண்ணீர்.

பருப்பு கெட்டியாக இருந்தால் ரசம் நீர்த்த சாம்பாராகிவிடும், மிகவும் தண்ணியாக இருந்தால் புளிப்பு தனித்து நிற்கும். மசித்துக் கலக்கிய பருப்புத் தண்ணீர் மோர் பதத்தில், கரண்டியிலிருந்து நூலாக இறங்க வேண்டும். குக்கரிலிருந்து நேராக எடுத்து ஊற்றினால் முழுப் பருப்பு மிதக்கும், ஆகவே மசிக்காமல் விடக் கூடாது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சில்லென்று ஊற்றுவதும் தவறு. பாத்திரம் மறுபடி சூடேற நீண்ட நேரம் ஆகும், அதற்குள் மிளகு தன் மணத்தை இழக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றி விளாவுங்கள்.

இனி அடுப்பை விட்டு நகரக் கூடாது. என் அத்தை இந்த இடத்தில் யாராவது கூப்பிட்டால்கூடப் பதில் சொல்ல மாட்டார். நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். தீ மிதமாகவே இருக்கட்டும். முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் வளையமாகச் சிறு நுரை தோன்றும். புளி கொதித்தபோது வந்த நுரை பெரிய பெரிய குமிழியாக வந்து உடனே உடைந்தது. இது அப்படியல்ல, பொடிப்பொடியாக, மஞ்சளாக, நெருக்கமாக இருக்கும். ஓர வளையம் உள்நோக்கி நகர்ந்து, நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் திறந்திருக்கும். பிறகு அதுவும் மூடி, மொத்த நுரையும் ஒரு போர்வைபோல மெல்ல மேலே எழும்பும். அடுப்பை அணைக்க வேண்டியது அந்த நொடியில். நடுவில் நுரையைக் கிழித்துக்கொண்டு குமிழி பொங்கி, அடியிலிருந்து பருப்புத் துகள்கள் புரண்டு மேலே வந்தால் தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள்.

பெரிய தீயில் வைத்தால் ஓரம் மட்டும் சீக்கிரம் பொங்கும், நடுப்பகுதி சூடாகியே இருக்காது. நுரை வந்துவிட்டது என்று இறக்கினால் ரசம் பாதி வெந்ததுபோல இருக்கும். அடிகனமான பாத்திரத்தில் வேறு சிக்கல்: அணைத்த பிறகும் அதன் சூடு ஓய்வதில்லை. அப்படிப்பட்ட பாத்திரத்தையும் மின் அடுப்பில் வைத்ததையும் அணைப்பதோடு நிற்காமல் கீழே இறக்கிவிட வேண்டும்.

ஈயச் சொம்பு வைத்திருப்பவர்கள் தண்ணீர் இல்லாமல் அதை அடுப்பில் ஏற்றக் கூடாது. நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயம், 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். திரவம் இருக்கும்வரை அது அவ்வளவு சூடாகாது. காரீயம் கலந்த சொம்பில் புளி வைப்பது உடம்புக்குக் கேடு, ஆகவே நம்பிக்கையான இடத்தில் வாங்கியதா என்பது முக்கியம்.

இறக்கிய பிறகு நெய்யில் கடுகும் ஒரு காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி இலையைத் தூவி, மூடி வைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சுவை பாருங்கள். கொதிக்கக் கொதிக்க நாக்கில் விட்டுப் பார்த்தால் சூடு மட்டும்தான் தெரியும். சிறிது உள்ளங்கையில் விட்டு ஆறியதும் பார்க்க வேண்டும். வெறுமனே குடிக்கச் சரியாக இருக்கும் ரசம் சோற்றில் விட்டால் சப்பென்றிருக்கும், ஏனென்றால் சோற்றில் உப்பு இல்லை. சோற்றுக்கான ரசம் தனியாகக் குடிக்கும்போது உப்பிலும் புளிப்பிலும் ஒரு இழை தூக்கலாகத் தெரிவதுதான் சரி.

புளிப்பு மிஞ்சிவிட்டால் பச்சைத் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. புளிப்போடு உப்பும் காரமும் மணமும் சேர்ந்தே நீர்த்துப்போகும். மசித்த பருப்பு கொஞ்சம் மீதி வைத்திருந்தால், அதைச் சூடான தண்ணீரில் கலக்கி அரை டம்ளர் விட்டு, உப்பைச் சரிபாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சுண்டைக்காய் அளவில் பாதி வெல்லம். புளிப்புப் போதவில்லை என்றால் புளித் தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள், பச்சை நெடி திரும்பி வந்துவிடும். ஆறத் தொடங்கிய ரசத்தில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு போதும்.

கொதித்தே விட்டது என்றால் போன மணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. புதிதாக அரைத் தேக்கரண்டி மிளகும் சீரகமும் இடித்து, ஒரு தேக்கரண்டி நெய்யில் தீயை அணைத்த பிறகு போட்டு, சிவக்கும் முன் ரசத்தில் கொட்டி மூடினால் ஓரளவு மீளும். காரமும் கூடும் என்பதால் அன்றைக்குக் குழந்தைகளுக்குத் தனியே பருப்புத் தண்ணீர் கலந்து கொடுங்கள்.

இரவுக்கு மீந்ததைச் சூடு பண்ணும்போதும் இதே கவனம் வேண்டும். பகலில் பார்த்துப் பார்த்து இறக்கியவர்கள்கூட இரவில் தளதளவென்று கொதிக்க வைத்துவிடுகிறார்கள். பருப்பு சேர்ந்த ரசம் வெளியில் இருந்தால் வெயில் காலத்தில் சாயங்காலத்துக்குள் ஊசிவிடும். ஆகவே ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் சிறு பாத்திரத்தில் எடுத்து, ஆவி நன்றாகப் பறந்து ஓரத்தில் நுரை வளையம் தோன்றும்வரை சூடாக்கி இறக்குங்கள். அடியில் தங்கிய மண்டியை நன்கு கலக்கிவிட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் தெளிவெல்லாம் முதலில் போய், கடைசியாகச் சாப்பிடுபவருக்கு வெறும் மிளகும் பருப்பும்தான் கிடைக்கும்.