‘விரைவில் வரும்’ என்று எழுதாதீர்கள்: சரக்கு தீர்ந்த பக்கத்தில் செய்யும் தவறுகள்

மயிலாப்பூரில் ஓர் அக்கா வீட்டிலிருந்தே இணையக் கடை நடத்துகிறார். கல்சட்டி, இரும்புத் தோசைக்கல், ஈயச் சொம்பு, இவ்வளவுதான் சரக்கு. அவருடைய கடைப் பக்கங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒருநாள் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. “ரெண்டு லிட்டர் கல்சட்டியா? காலியாயிடுச்சும்மா. அடுத்ததுக்குக் கஞ்சி ஊத்திப் பழக்கிட்டிருக்கேன். இருபதாம் தேதி வாக்குல அனுப்பிடலாம். வந்ததும் சொல்லட்டுமா?” என்றார். எதிர்முனையில் இருந்தவர் பெயரும் நம்பரும் கொடுத்துவிட்டு வைத்தார்.

அதே கல்சட்டியின் பக்கத்தை என் மடிக்கணினியில் திறந்தேன். சிவப்பு எழுத்தில் ‘Out of stock’ என்று மட்டும் இருந்தது. வாய் நிறையப் பேசுகிறவரின் கடை, பக்கத்துக்கு வந்ததும் கதவைச் சாத்திவிடுகிறது. போனில் பதிலாகச் சொன்ன நான்கு வாக்கியங்களில் முதல் ஒன்றைத் தவிர வேறெதுவும் அங்கே இல்லை. சரக்கு தீர்ந்த செய்தியைத் திருத்துவதென்றால் அந்த நான்கையும் பக்கத்தில் ஏற்றுவதுதான் வேலை. எங்கே சறுக்குகிறோம் என்று பார்ப்போம்.

முதல் சறுக்கல், எல்லா ‘இல்லை’க்கும் ஒரே வாசகத்தைப் போடுவது. அக்காவிடம் மூன்று வகை ‘இல்லை’ இருந்தது. கல்சட்டி இல்லை, ஆனால் பழகிக்கொண்டிருக்கிறது, நாள் தெரியும். ஈயச் சொம்பு இல்லை, செய்பவரிடமிருந்து எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. ஒரு பழைய அச்சில் வார்த்த பணியாரக்கல் இல்லை, அது இனி வரவே வராது. மென்பொருளுக்கு மூன்றும் ஒன்றுதான். வாங்க வந்தவருக்கு அப்படியில்லை. முதலாமவர் காத்திருப்பார். இரண்டாமவர் நம்பர் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். மூன்றாமவருக்கு வேறொரு பணியாரக்கல்லைக் காட்ட வேண்டும். அவரிடம் போய் ‘வந்ததும் சொல்கிறோம்’ என்று பட்டனை நீட்டினால் அது பொய்.

வாசகத்தை எழுதும் முன் பொருட்களை இப்படி மூன்றாகப் பிரித்துவிடுங்கள். பிறகு எழுதுவது எளிது. கல்சட்டிக்கு: ‘இந்தத் தடவை வந்தவை தீர்ந்துவிட்டன. அடுத்தவை கஞ்சியில் பழகிக்கொண்டிருக்கின்றன. நவம்பர் 25-க்குள் அனுப்பத் தயாராகும்.’ சொம்புக்கு: ‘தீர்ந்துவிட்டது. அடுத்து எப்போது என்று இன்னும் நாள் முடிவாகவில்லை.’ பணியாரக்கல்லுக்கு: ‘இந்த அச்சில் இனி செய்வதில்லை. இதே ஏழு குழி அளவில் இன்னொன்று இருக்கிறது’ என்று சொல்லி அதன் லிங்க். கல்சட்டி வாசகத்தில் ‘பழகிக்கொண்டிருக்கின்றன’ என்ற சொல் அலங்காரத்துக்காக இல்லை. ஏன் தாமதம் என்பதையும், பழக்கித் தருகிறார்கள் என்பதையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. தாமதத்துக்கு இப்படி ஒரு நல்ல காரணம் இருந்தால் ஒளிக்காதீர்கள்.

அடுத்தது ‘விரைவில்’. தமிழ்க் கடைப் பக்கங்களில் இதைவிடத் தேய்ந்த சொல் கிடையாது. ‘தற்போது கையிருப்பில் இல்லை, விரைவில் வரும்’ என்று எழுதியவருக்கு ஏதோ சொல்லிவிட்ட நிம்மதி. படிப்பவருக்கு ரேஷன் கடைப் பலகை ஞாபகம் வரும். ‘தற்போது’ எதையும் கூட்டவில்லை. ‘விரைவில்’ நாளையா, தையிலா என்று தெரியவில்லை. நாள் தெரிந்தால் தேதி போடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். ‘நாள் முடிவாகவில்லை’ என்பதைப் படித்தவர் கோபித்துக்கொண்டு போவதில்லை. ‘அடுத்த வாரம்’ என்று மூன்று வாரம் படித்தவர்தான் போகிறார்.

தேதி போடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. அக்கா கணக்கில் கல்சட்டி பழக்கப் பத்து நாள். ஆனால் மஞ்சளும் எண்ணெயும் தடவி வெயிலில் வைக்க வேண்டிய நாளில் மழை பிடித்துக்கொண்டால் அது பதினைந்தாகும், சென்னையில் ஐப்பசியும் கார்த்திகையும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போனில் இருபதாம் தேதி என்று சொன்னதைப் பக்கத்தில் 25 என்று எழுதச் சொன்னேன். ரொம்பத் தாமதமான தடவை எத்தனை நாள் ஆனதோ, அதை வைத்துத் தேதி போட வேண்டும், சராசரியை வைத்து அல்ல. 22-ஆம் தேதியே அனுப்பினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

தேதி போட்டதும் இன்னொரு ஆபத்து தொற்றிக்கொள்கிறது. ‘நவம்பர் 25-க்குள்’ என்ற வரி டிசம்பர் 3 அன்றும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். கடையில் ஆள் இருக்கிறதா என்றே சந்தேகம் வரவைக்கும் வரி அது. மறக்காமல் மாற்றுவேன் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்துத்தான். அக்காவின் கடை WordPress-இல் WooCommerce வைத்து நடப்பது என்பதால், தேதி தாண்டியதும் வாசகம் தானே மாறும்படி ஒரு துண்டு நிரலைப் போட்டோம்.

```php
add_filter( 'woocommerce_get_availability_text', function ( $text, $product ) {
    if ( $product->is_in_stock() ) {
        return $text;
    }
    $note  = $product->get_meta( 'stock_note' );
    $until = $product->get_meta( 'note_until' );
    if ( $note && $until >= wp_date( 'Y-m-d' ) ) {
        return esc_html( $note );
    }
    return 'தீர்ந்துவிட்டது. அடுத்து எப்போது என்று இன்னும் நாள் முடிவாகவில்லை.';
}, 10, 2 );
```

இதை சைல்டு தீமின் `functions.php`-இல் போடலாம். பொருளின் திருத்தப் பக்கத்தில் Custom fields பெட்டியில் `stock_note`-க்கு வாசகம், `note_until`-க்கு `2026-11-25` என்ற வடிவில் தேதி. பெயரை அடிக்கோட்டில் தொடங்காதீர்கள், தொடங்கினால் அந்தப் பெட்டியில் தெரியாது. இனி வராத பொருளுக்குத் தேதியை `2099-12-31` என்று வைத்தால் வாசகம் நிற்கும். அக்கா ஒவ்வொரு அளவையும் தனிப் பொருளாக வைத்திருந்ததால் இதுவே போதுமாக இருந்தது. ஒரே பொருளுக்குள் அளவுகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தந்த அளவுக்கென்று தனிப் புலம் சேர்க்க வேண்டியிருக்கும். Shopify-இல் பொதுவான ‘Sold out’ வாசகத்தை Edit default theme content என்ற இடத்தில் தேடி மாற்றலாம். ஆனால் அது எல்லாப் பொருளுக்கும் சேர்த்துத்தான் மாறும்.

சிலர் இந்தத் தலைவலியே வேண்டாமென்று தீர்ந்த பொருளின் பக்கத்தையே அழித்துவிடுகிறார்கள். அந்த லிங்க் ஏதோ ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி பகிர்ந்ததாக இருக்கும். தட்டியவருக்குப் பக்கமே இல்லை என்று வரும். தீர்ந்தது என்று சொல்லும் பக்கமாவது நம்பர் வாங்கித் தரும், அழித்த பக்கம் எதையும் தராது.

இனி பட்டன். ‘காத்திருப்போர் பட்டியலில் சேரவும்’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் அதைப் படித்ததும் நம் ஆட்களுக்கு எழும்பூரில் WL 47 என்ற டிக்கெட்டோடு சார்ட் பார்க்க நின்ற ஞாபகம்தான் வரும். கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தைக் கடையே கையில் கொடுத்தது போல. போனில் அக்கா கேட்டதையே வாங்குபவரின் வாயில் வைத்தோம்: ‘வந்ததும் சொல்லுங்கள்’. கீழே ஒரே ஒரு பெட்டி, வாட்ஸ்அப் நம்பருக்கு. முன்பு பெயர், மின்னஞ்சல், ஊர், பின்கோடு எல்லாம் கேட்டிருந்தார்கள். இல்லாத பொருளுக்கு எதற்குப் பின்கோடு?

நம்பர் கொடுத்தவுடன் என்ன வருகிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ‘நன்றி’ என்று மட்டும் வந்தால் பதிந்ததா என்றே தெரியாது. நாங்கள் எழுதியது: ‘பதிந்துகொண்டோம். 2 லிட்டர் கல்சட்டி, உங்களுக்கு முன்னால் 18 பேர். எங்கள் எண்ணைச் சேமித்து வையுங்கள், வந்ததும் அதிலிருந்துதான் சொல்வோம்.’ கடைசி வரி மரியாதைக்காகச் சேர்த்ததல்ல. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகாது, போகவில்லை என்று நமக்கு அறிவிப்பும் வராது.

பெரிய அடி விழுந்தது சரக்கு வந்த அன்றுதான். முதல் தடவை 64 பேர் காத்திருந்தார்கள், பழகி வந்தது 12 சட்டி. அக்கா சந்தோஷத்தில் காலை எட்டு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டார். பதினொன்றுக்குள் தீர்ந்தது. மீதி 52 பேரில் சாயங்காலம் லிங்க்கைத் தட்டியவர்களுக்கு மறுபடி ‘தீர்ந்துவிட்டது’. ஒரே பொருளுக்கு இரண்டாவது தடவை இல்லை என்று கேட்டவர் மூன்றாவது தடவை வருவது கஷ்டம். ஒருவர் போனிலேயே கேட்டார், “எனக்கு எதுக்கு மெசேஜ் அனுப்புனீங்க?”

அடுத்த தடவை 14 சட்டி. கடைப் பட்டியலில் தெரியாமல் லிங்க் வைத்திருப்பவருக்கு மட்டும் திறக்கும்படி பொருளின் Catalog visibility-ஐ Hidden என்று வைத்துவிட்டு, வரிசைப்படி முதல் 20 பேருக்கு மட்டும் லிங்க் அனுப்பினோம்: ‘நாளை காலை 10 மணி வரை வரிசையில் முதல் 20 பேருக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.’ 9 பேர் வாங்கினார்கள். மறுநாள் அடுத்த 10 பேருக்கு, 4 போனது. மிஞ்சிய ஒன்றைப் பொதுவில் திறந்தோம். பழைய லிங்க் வைத்திருந்த யாராவது நடுவில் புகுந்திருக்கலாம்; ஒன்றிரண்டுக்கு அது பரவாயில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு அன்றே தனியாக ஒரு செய்தி போனது: ‘இந்தத் தடவை உங்கள் முறை வரவில்லை, அடுத்தது ஜனவரியில்.’ சரக்கில்லாமல் அனுப்பிய இந்தச் செய்திக்குத்தான் அதிகம் பேர் பதில் எழுதினார்கள்.

‘நாளை 10 மணி வரை’ என்று எழுதினால் 10 மணிக்கு உண்மையாகவே விட்டுவிட வேண்டும். ‘இன்னும் 2 மட்டுமே’ என்றால் இரண்டுதான் இருக்க வேண்டும். கொல்லையில் நாற்பது அடுக்கி வைத்துக்கொண்டு அப்படி எழுதுவது 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி தவறு. அதில் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் பொய்யான அவசரமும் ஒன்று.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் 160 எழுத்து என்ற கணக்கு தமிழில் 70 ஆகிவிடும், அதுவும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். ‘உங்கள் கல்சட்டி வந்துவிட்டது’ என்பது நம் கண்ணுக்கு இடைவெளியோடு 18, செல்போன் நிறுவனத்துக்கு 28. மிச்சமிருக்கும் 42-இல் லிங்க்கும் கெடுவும் அடங்க வேண்டும். அதனால் அக்காவின் எஸ்எம்எஸ்ஸில் வணக்கம் கிடையாது.